பணி விவரக் குறிப்பைப் பாலினச் சார்பின்றித் திருத்துதல்: வாக்கியம் கோணாமல் எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

பழைய பணி விவரக் குறிப்பு ஒன்றைப் பொதுப்பால் நடைக்கு மாற்றச் சொன்னால், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: "அவன்" என்று இருக்கும் இடங்களையெல்லாம் "அவர்" என்று மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் குறிப்பைப் படித்தால், "அவர் கணக்கைப் பதிவான்" என்பது போன்ற வாக்கியம் ஒன்று எங்காவது எஞ்சியிருக்கும். அதைச் சரிசெய்யப் போய், சாய்கோடும் அடைப்புக்குறியும் போட்டு, "மேற்பார்வையாளன்/ள்", "செய்வார்(கள்)" என்று எழுதத் தொடங்கும்போது குறிப்பு படிக்க முடியாததாகிவிடுகிறது.

தமிழில் பாலினம் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை; வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றிலும் இருக்கிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் மாற்றுவது இங்கே அரைகுறை வேலையாகத்தான் முடியும். வாக்கியத்தை எதில் முடிக்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிட்டால், பெரும்பாலான இடங்களில் "அவர்" என்ற சொல்லே தேவைப்படாது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரிசை மாறினால் ஒரே வாக்கியத்தை மூன்று முறை திருத்த நேரிடும்.

## 1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, பழைய குறிப்பின் மாற்றப்படாத படி ஒன்று. திருத்தும்போது ஒரு கடமையோ தகுதியோ தவறி விழுந்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்க இந்தப் படி ஒன்றே வழி. திருத்தப் போகும் கோப்பை இதிலிருந்து நகலெடுத்துத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பணியை இப்போது செய்துகொண்டிருப்பவரிடமோ அவருடைய நேரடி மேலாளரிடமோ அரை மணி நேரம் பேசி எடுத்த குறிப்பு. எவ்வளவு எடை தூக்க வேண்டியிருக்கிறது, எத்தனை நாள் இரவு வரை வேலை நீள்கிறது, எத்தனை பேரை மேற்பார்வையிட வேண்டும் என்ற எண்கள் அதில் இருக்க வேண்டும். இந்த எண்கள் இல்லாவிட்டால் இரண்டாம், ஐந்தாம் படிகளில் எழுதுவதற்கு ஒன்றும் இராது. பழைய அடைமொழிக்குப் பதிலாக இன்னோர் அடைமொழியைத்தான் வைப்போம்.

மூன்றாவது, குறிப்போடு சேர்ந்து வெளியாகும் மற்ற தாள்கள்: சலுகைகளின் பட்டியல், விண்ணப்பப் படிவம், தொடர்புக் குறிப்பு. குறிப்பைத் திருத்திவிட்டுப் படிவத்தை மறந்துபோவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு போகலாம். கிடங்கு மேற்பார்வைப் பணிக்கான, நான் அடிக்கடி காணும் வகையிலான பழைய வடிவம் இது:

> கிடங்கு மேற்பார்வையாளர் தேவை. நல்ல உடற்கட்டும் துடிப்பும் உள்ள இளைஞனாக இருக்க வேண்டும். அவன் தனக்குக் கீழ் வேலை செய்யும் 8 ஆட்களையும் கட்டுக்குள் வைத்திருப்பான். சரக்கு வரவையும் இருப்பையும் நாள்தோறும் கணினியில் பதிவான். மாலையில் அலுவலகப் பெண்களிடம் கணக்கை ஒப்படைப்பான். அவசர நாட்களில் இரவிலும் வேலை பார்க்கக் கூடியவனாக, குடும்பப் பொறுப்பு இல்லாதவனாக இருப்பது நல்லது. மனைவி, குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. இருபாலரும் விண்ணப்பிக்கலாம்.

தலைப்பு பொதுவானது, கடைசி வரியும் எல்லோரையும் அழைக்க முயல்கிறது. இடையிலுள்ள ஆறு வாக்கியங்களோ ஓர் ஆணை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குடும்பப் பொறுப்பு இல்லாதவரைத் தேடிக்கொண்டே மனைவிக்கும் குழந்தைகளுக்கும் காப்பீடு தருவதையும் கவனியுங்கள். எழுதியவர் மனத்தில் இருந்தது வீட்டுப் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு வரக்கூடிய ஒருவர் என்பது இந்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

## 2. முதலில் நிபந்தனைகளைச் சலித்தெடுத்தல்

சொல்லைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்து, "இது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா?" என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் அந்த நிபந்தனையை நீக்கிவிட வேண்டும். அதற்கு அழகான சொல் தேடுவது வீண் உழைப்பு. இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் குறிப்பில் "இளைஞனாக" என்பதைப் பலரும் "இளைஞராக" என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பால் விகுதி மாறியது உண்மை, ஆனால் வயதைக் கொண்டு ஒதுக்குவது அப்படியே நிற்கிறது. கிடங்குக் கணக்கைப் பார்க்க இளமை தேவையில்லை, அனுபவமே தேவை. எனவே அங்கே வர வேண்டியது, "கிடங்குக் கணக்கில் 2 ஆண்டு அனுபவம் தேவை" என்ற வாக்கியம்.

"குடும்பப் பொறுப்பு இல்லாதவனாக" என்பதையும் இப்படியே பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் உண்மையான தேவை, சில நாட்கள் வேலை இரவு வரை நீளும் என்பது. அதை நேராகச் சொல்லிவிட்டு, தம் வீட்டுச் சூழலுக்கு அது ஒத்துவருமா என்று தீர்மானிப்பதை விண்ணப்பிப்பவரிடமே விட்டுவிட வேண்டும்.

சில பணிகளுக்குக் குறிப்பிட்ட பாலினத்தவர் உண்மையாகவே தேவைப்படலாம். பெண்களை உடற்சோதனை செய்யும் பணி அப்படிப்பட்டது. அத்தகைய இடத்தில் பொதுச்சொல்லால் மறைத்து எழுதுவது விண்ணப்பிப்பவரின் நேரத்தை வீணாக்கும். காரணத்தைச் சேர்த்து ஒரே வாக்கியத்தில் வெளிப்படையாக எழுதுவதே முறை. அந்தக் காரணத்தை எழுதிப் பார்க்கும்போது கை தயங்கினால், அந்த நிபந்தனை வேலையிலிருந்து வரவில்லை, பழக்கத்திலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## 3. பதவிப் பெயரைச் சரிபார்த்தல்

தமிழில் பதவிப் பெயர்களைப் பொதுவாக்குவது எளிது. -அர், -ஆளர், -நர் என்று முடியும் பெயர்கள் எல்லாப் பாலினத்தவரையும் சுட்டும்: எழுத்தர், கணக்காளர், ஓட்டுநர், நடத்துநர். -ஆளி என்று முடியும் தொழிலாளி, காவலாளி போன்றவையும் வடிவத்தில் பொதுவானவையே, ஆனால் அடுத்து வரும் வினை "வருவான்" என்று முடிந்தால் அந்தப் பொதுமை போய்விடும். -காரன், -காரி ஆகியவற்றுக்கு -காரர் இருக்கிறது. அதைவிட "பணியாளர்", "உதவியாளர்" என்று வேலையைச் சொல்லும் பெயர் பல இடங்களில் மதிப்பாக நிற்கும்.

கவனம் தேவைப்படுவது கடன்சொற்களில். ஆபீஸ் பாய், டெலிவரி பாய், சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள், வாட்ச்மேன், லைன்மேன் ஆகியவற்றைத் தமிழில் தினமும் சொல்லிச் சொல்லி, அவற்றுக்குள் ஆணும் பெண்ணும் இருப்பதே நம் காதில் விழாமல் போய்விட்டது. அலுவலக உதவியாளர், விநியோகப் பணியாளர், விற்பனையாளர், காவலர், மின்பாதைப் பணியாளர் என்று எழுதினால் பொருளும் தெளிவாக இருக்கும், வேற்றுமை உருபுகளும் இயல்பாகச் சேரும்.

பொதுப் பெயர் இருக்கும்போது அதற்கு முன்னால் "பெண்" என்று சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். "பெண் ஓட்டுநர்" என்று எழுதினால், வெறும் "ஓட்டுநர்" ஆணைக் குறிக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆசிரியை, பணிப்பெண் போன்ற பெண்பால் பெயர்களுக்கும் ஆசிரியர், பணியாளர் என்பவையே போதும்.

இதற்கு எதிர்த்திசையில் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். "மேலாளர்", "ஆளுமை", "ஆட்கள்" ஆகிய சொற்களில் ஆண் ஒளிந்திருப்பதாக எண்ணி அவற்றையும் நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். -ஆளர் என்பது "ஆள்" என்னும் வினையின் வழி வந்தது; ஆளுதல், கையாளுதல் என்பவற்றோடு உறவுடையது. அதற்கும் ஆண்பாலுக்கும் தொடர்பில்லை. "ஆட்கள்" என்பதிலும் பால் வேறுபாடு கிடையாது. நம் குறிப்பில் அதை மாற்றப் போவது வேறு காரணத்துக்காக: எழுத்து நடையில், உடன் வேலை செய்பவர்களைச் சுட்ட "பணியாளர்கள்" என்பது கூடுதல் மதிப்பைத் தரும்.

## 4. வாக்கியத்தின் முடிவை மாற்றுதல்

இந்த வேலையின் பெரும்பகுதி இந்தப் படியில்தான் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் பாலினம் எங்கெங்கே வெளிப்படுகிறது என்று பார்த்தால், இடம் மிகவும் குறைவு என்பது தெரியும். "பதிந்து", "சரிபார்த்து", "ஒப்படைத்து" என்ற வினையெச்சங்களில் பால் இல்லை. "பதியும்", "தெரிந்த", "உள்ள" என்ற பெயரெச்சங்களிலும் இல்லை. "தன்" என்பதிலும் இல்லை. எழுவாயிலும், வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றிலும், "கூடியவன்", "தெரிந்தவள்" போன்ற வினையாலணையும் பெயர்களிலும்தான் அது வெளிப்படுகிறது.

இதிலிருந்து ஒரு நல்ல வழி கிடைக்கிறது. பால் காட்டாத முடிவுகளைக் கொண்டு வாக்கியத்தை முடித்துவிட்டால், எழுவாயை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போகும். வேண்டும், தேவை, உண்டு, இல்லை, கூடும், முடியும், -லாம் ஆகிய முடிவுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் மற்றெல்லோருக்கும் ஒன்றுபோலவே நிற்கும். தமிழில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்பது இயல்பு. படிப்பவருக்கு அது குறையாகத் தெரியாது.

நம் குறிப்பின் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்: "சரக்கு வரவையும் இருப்பையும் நாள்தோறும் கணினியில் பதிவான். மாலையில் அலுவலகப் பெண்களிடம் கணக்கை ஒப்படைப்பான்." சொல்லை மட்டும் மாற்றினால் "பதிவார், ஒப்படைப்பார்" என்று வரும். தவறு இல்லை, ஆனால் பத்துக் கடமைகள் உள்ள குறிப்பில் பத்து வாக்கியமும் "-வார்" என்று முடிந்தால் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும். முதல் வினையை எச்சமாக்கி, இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்து, "வேண்டும்" என்று முடித்தால் இப்படி வரும்:

> சரக்கு வரவையும் இருப்பையும் நாள்தோறும் கணினியில் பதிந்து, மாலையில் கணக்குப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.

பால் காட்டும் வினைமுற்றுகள் இரண்டாக இருந்தது இப்போது ஒன்றுமில்லை; சொற்களும் கூடவில்லை. "அலுவலகப் பெண்கள்" என்ற இடத்தில் பிரிவின் பெயரை வைத்திருப்பதைக் கவனியுங்கள். மனிதர்களைச் சுட்டத் தேவையில்லாத இடத்தில் பிரிவையோ பொறுப்பையோ சுட்டினால், நாளை அங்கே யார் அமர்ந்திருந்தாலும் குறிப்பு பொருந்தும்.

"வேண்டும்" என்பதையே எல்லா வாக்கியத்திலும் போட்டாலும் அதட்டல் போல் ஒலிக்கும். அங்கே இரண்டு மாற்றுகள் கைகொடுக்கும். ஒன்று, பணியையே எழுவாயாக்குவது: "வேலையைப் பிரித்துக் கொடுப்பது இப்பணியின் மையம்." இன்னொன்று, கடமைகளைத் தொழிற்பெயர்களாக வரிசைப்படுத்துவது: "சரக்கைச் சரிபார்த்தல், இருப்பைப் பதிதல், குறைபாட்டைத் தெரிவித்தல்." பட்டியலாக வெளியாகும் குறிப்புக்கு இரண்டாவது வழி மிகவும் ஏற்றது, ஏனென்றால் அதில் எழுவாயும் இல்லை, வினைமுற்றும் இல்லை.

இந்த இடத்தில் நான் அதிகம் காணும் பிழைகளைக் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன்.

சாய்கோடு முதலாவது. "மேற்பார்வையாளன்/ள்" என்று எழுதியவர், அடுத்த வாக்கியத்தில் அதற்குக் "கு" உருபு சேர்க்க வேண்டி வரும்போது மாட்டிக்கொள்கிறார்; "மேற்பார்வையாளனுக்கு/ளுக்கு" என்பதை வாய்விட்டுப் படிக்க முடியாது. உருபு பெயரோடு ஒட்டும் மொழியில் சாய்கோட்டுக்கு இடமே இல்லை. அதோடு, அது இரண்டு பாலினங்களை மட்டும் எண்ணி மற்றவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது, பன்மையில் ஒளிந்துகொள்வது. ஒரே ஓர் இடத்துக்கான குறிப்பில் "மேற்பார்வையாளர்கள் தங்கள்…" என்று எழுதினால், எத்தனை பேர் தேவை என்ற ஐயம் எழும். "மேற்பார்வையாளர் தம்…" என்பதே ஒருமைக்குப் போதும். -அர் விகுதி மதிப்பையும் பொதுமையையும் சேர்த்தே தருகிறது. "-கள்" விகுதியை, உண்மையாகவே பலரைச் சுட்டும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, "-வர்" அடுக்கு. "கணினி அறிந்தவராகவும், அனுபவம் உள்ளவராகவும், இரவில் வேலை பார்க்கக் கூடியவராகவும் இருத்தல் வேண்டும்" என்ற வாக்கியத்தில் பாலினப் பிழை ஏதும் இல்லை, ஆயினும் மூச்சு முட்டுகிறது. மனிதரை வருணிப்பதை விட்டுவிட்டுத் தேவையைச் சொன்னால் அடுக்கு தானே கலைந்துவிடும்: "கணினியில் கணக்குப் பதியத் தெரிந்திருக்க வேண்டும். கிடங்கில் 2 ஆண்டு அனுபவம் தேவை."

நான்காவது, செயப்பாட்டு வினைக்குத் தாவுவது. "கணக்கு மேற்பார்வையாளரால் பதியப்படும்" என்பது பாலினத்தை மறைக்கும், ஆனால் அலுவலக ஆணையின் வாடை அடிக்கும். "பதிய வேண்டும்" என்பது அதைவிட எளிது, செய்பவர் யார் என்பதிலும் குழப்பமில்லை.

"நீங்கள்" என்று நேரடியாக விளித்து எழுதும் நடையும் இப்போது பரவலாக இருக்கிறது. அது பொதுப்பாலுக்கு மிகவும் ஏற்றதுதான், ஆனால் "நீங்கள் குழுவை வழிநடத்துவீர்கள், கணக்கைப் பதிவீர்கள்" என்று எதிர்கால முற்றில் முடிக்கும்போது ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது போல் ஒலிக்கிறது. "நீங்கள்" என்று தொடங்குவதானால் வேண்டும், -லாம் ஆகியவற்றில் முடியுங்கள்; பாதிக் குறிப்பில் "நீங்கள்", மீதியில் "மேற்பார்வையாளர்" என்று கலக்காதீர்கள்.

"அவர்", "இவர்" என்பவற்றை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. யார் யாருக்கு அறிக்கை தர வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இரண்டு மனிதர்கள் வருவதால், "இவர் கிளை மேலாளரிடம் அறிக்கை அளிப்பார்" என்று எழுதுவதே தெளிவு. ஒரு பத்திக்கு ஒரு முறை என்ற அளவில் நின்றால் அது கண்ணை உறுத்தாது.

## 5. பண்புச் சொற்களைச் செயலாக மாற்றுதல்

2011ஆம் ஆண்டில் டேனியல் காச்சர், ஜஸ்டின் ஃபிரீசன், ஆரன் கே ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆங்கில வேலை விளம்பரங்களில் ஆண்களோடு தொடர்புபடுத்தப்படும் அடைமொழிகள் மிகுந்திருந்தபோது அந்த வேலை பெண்களுக்குக் குறைவான ஈர்ப்பையே தந்தது என்று காட்டியது. அதில் கவனிக்க வேண்டியது காரணம்: தங்களுக்குத் திறமை போதாது என்று அவர்கள் எண்ணியதால் இது நேரவில்லை, அந்த இடம் தங்களுக்கானது அன்று என்ற உணர்வே அதற்குக் காரணமாக இருந்தது. இலக்கணத்தில் முழுப் பொதுமை இருந்தாலும் சொல்தேர்வால் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட முடியும் என்பதே இதன் பொருள்.

அந்த ஆங்கிலச் சொற்பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்க் குறிப்பில் தேடுவதால் பயனில்லை, ஏனென்றால் தமிழில் வேறு சொற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. "கட்டுக்குள் வைத்திருத்தல்", "உடற்கட்டு", "துடிப்பு" ஆகியவை ஓர் ஆணின் உருவத்தை எழுப்புகின்றன. வரவேற்புப் பணிக்கான குறிப்பில் வரும் "இன்முகம்", "அடக்கம்", "நல்ல தோற்றம்" ஆகியவை ஓர் இளம்பெண்ணின் உருவத்தை எழுப்புகின்றன. இரண்டாம் வகையையும் அதே கண்டிப்போடு நீக்க வேண்டும். பலர் முதல் வகையை மட்டும் திருத்திவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

மாற்றும் முறை ஒன்றே: அந்தப் பண்பு வேலையில் எந்தச் செயலாக வெளிப்படுகிறது என்று கேட்டு, செயலை எழுத வேண்டும். "8 ஆட்களையும் கட்டுக்குள் வைத்திருப்பான்" என்பதற்குப் பின்னால் என்ன செயல் இருக்கிறது என்று மேலாளரைக் கேட்டால், காலையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், மாலைக்குள் அது முடிந்ததா என்று பார்ப்பதும்தான் என்பார். "நல்ல உடற்கட்டு" என்பதற்குப் பின்னால், பெட்டிகளை நகர்த்தும் வேலை இருக்கும். எத்தனை கிலோ, எதைக் கொண்டு நகர்த்துவது என்று எழுதினால் போதும்:

> 20 கிலோ வரை எடையுள்ள பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி நகர்த்த வேண்டிய தேவை அவ்வப்போது எழும்; அதற்கு மேற்பட்ட எடைக்குப் பாரந்தூக்கி உண்டு.

இதைப் படிக்கும் எவரும் தம்மால் முடியுமா என்று தாமே அளந்துகொள்ளலாம். மாற்றுத்திறனாளி ஒருவர், எந்த இடத்தில் தமக்கு ஏற்பாடு தேவைப்படும் என்று கேட்பதற்கும் இந்த வாக்கியம் இடம் தருகிறது. "உடற்கட்டு" என்ற சொல் இந்த இரண்டுக்குமே உதவாது.

வாக்கியம் நீண்டுவிட்டதே என்று சிலர் கவலைப்படுவார்கள். பொருளற்ற ஓர் அடைமொழி போய், பொருளுள்ள பத்துச் சொற்கள் வந்தால் அது நட்டமில்லை. பதிலாக, பண்புச் சொற்கள் மூன்று அடுக்கியிருந்த இடங்களில் பெரும்பாலும் ஒரே செயல்தான் மூன்று பெயரில் இருக்கும், அங்கே சுருங்கிவிடும்.

## 6. சலுகைகளும் படிவமும்

"மனைவி, குழந்தைகளுக்கு" என்ற இடத்தில் "வாழ்க்கைத் துணைக்கும் குழந்தைகளுக்கும்" என்று எழுதினால் போதும். ஆனால் எழுதுவதற்கு முன், காப்பீட்டு விதியும் அப்படித்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். விதி ஒன்றாகவும் குறிப்பு வேறாகவும் இருந்தால், சேர்ந்த பிறகு ஒருவர் ஏமாற நேரிடும்.

"இருபாலரும் விண்ணப்பிக்கலாம்" என்பது நல்லெண்ணத்தோடு எழுதப்படும் வரி. ஆனால் அது பாலினத்தை இரண்டாக எண்ணி முடித்துவிடுவதால், திருநங்கைகளும் திருநம்பிகளும் தங்களுக்கு இடம் உண்டா என்று ஐயுற நேரிடுகிறது. "எந்தப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம்" என்பது ஒரே ஒரு சொல் கூடுதலாக நின்று எல்லோரையும் அழைக்கிறது. குறிப்பின் முடிவில் ஒரு முறை இருந்தால் போதுமானது.

படிவத்தில் "திரு/திருமதி/செல்வி" என்ற கட்டம் இருந்தால் நீக்கிவிடலாம். ஒரு பெண்ணிடம் மட்டும் திருமண நிலையைக் கேட்கும் கட்டம் அது. "தந்தை/கணவர் பெயர்" என்பதும் அப்படியே. தேர்வுக்கு அது எந்த வகையிலும் உதவுவதில்லை. தொடர்புக் குறிப்பில் "ஐயா அவர்களுக்கு" என்று விண்ணப்பத்தை முகவரியிடச் சொல்லியிருந்தால், "மனிதவள மேலாளருக்கு" என்று பதவியைக் குறிப்பிடுங்கள்.

## 7. எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்தல்

கண்ணால் மட்டும் சரிபார்த்தால் ஒன்றிரண்டு கண்டிப்பாகத் தப்பிவிடும். கோப்பை pani.txt என்ற பெயரில் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, லினக்ஸ் அல்லது மேக் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சும் முனையத்தில் இப்படித் தேடலாம்:

```
grep -nE 'அவன|அவள|வன்|ான்|ாள்|காரி|இளைஞ|மனைவி|இருபால' pani.txt
```

"அவன" என்று புள்ளியில்லாமல் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கணினியில் "ன்" என்பது "ன" எழுத்தும் புள்ளியும் சேர்ந்து அமைவது. எனவே "அவன்" என்று தேடினால் "அவனை", "அவனுக்கு" என்பவை சிக்காது. "அவன" என்று தேடினால் மூன்றும் சிக்கும். "வன்" என்பதைத் தனியே சேர்த்திருப்பது "கூடியவன்", "வல்லவன்" போன்றவற்றுக்காக. அவற்றில் "அ" தனி எழுத்தாக இல்லாமல் முந்தைய மெய்யோடு கலந்திருப்பதால் "அவன" என்ற தேடலுக்கு அகப்படாது. "கூடியவனாக" என்று உருபேற்றவை இரண்டுக்கும் தப்பும். புள்ளியை விட்டு "வன" என்று கொடுத்தால் அதுவும் சிக்கும், ஆனால் "நிறுவனம்" என்று வரும் வரிகளெல்லாம் கூடவே வந்து நிற்கும். குறிப்பு சிறியதானால் அதையும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

தேவையற்றவையும் வரத்தான் செய்யும். "நாள்", "தான்", "அதிகாரி" ஆகியவை பட்டியலில் தலைகாட்டும். அவற்றைக் கண்டு பதறி மாற்றிவிடாமல், வரி வரியாகப் பார்த்து விட்டுவிட வேண்டும். இந்தக் காரணத்தால்தான் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் வசதியை இந்த வேலையில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்வேன்.

அடுத்து, முழுக் குறிப்பையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு நிற்கும் இடத்தில் "-வராகவும்" அடுக்கு இருக்கும். நாக்கு தடுமாறும் இடத்தில் சாய்கோடு இருக்கும். தொடர்ந்து மூன்று வாக்கியம் ஒரே ஓசையில் முடிந்தால் காது அதைச் சொல்லிவிடும்.

நம் குறிப்பு இந்தப் படிகளைக் கடந்த பிறகு இப்படி நிற்கிறது:

> கிடங்கு மேற்பார்வையாளர் தேவை. 8 பணியாளர்கள் கொண்ட கிடங்குக் குழுவுக்கு அன்றாட வேலையைப் பிரித்துக் கொடுத்து, அது முடிவதைக் கண்காணிப்பது இப்பணியின் மையம். சரக்கு வரவையும் இருப்பையும் நாள்தோறும் கணினியில் பதிந்து, மாலையில் கணக்குப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். 20 கிலோ வரை எடையுள்ள பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி நகர்த்த வேண்டிய தேவை அவ்வப்போது எழும்; அதற்கு மேற்பட்ட எடைக்குப் பாரந்தூக்கி உண்டு. மாதத்தில் 2 அல்லது 3 நாட்கள் வேலை இரவு 10 மணி வரை நீளும்; அந்த நாட்களை ஒரு வாரத்துக்கு முன்பே தெரிவிப்போம். கிடங்குக் கணக்கில் 2 ஆண்டு அனுபவம் தேவை. வாழ்க்கைத் துணைக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. எந்தப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம்.

இதில் "அவர்" என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. சாய்கோடு இல்லை, அடைப்புக்குறி இல்லை. முடிவுகள் தேவை, மையம், வேண்டும், எழும், உண்டு, நீளும், தெரிவிப்போம், -லாம் என்று மாறி மாறி வருவதால் ஓசையும் சலிக்கவில்லை.

## 8. பொருள் மாறவில்லை என்று உறுதிசெய்தல்

கடைசியாக, பழைய படியையும் புதிய படியையும் அருகருகே வைத்துக்கொண்டு கடமைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய குறிப்பில் மூன்று கடமைகள் இருந்தன: குழுவை மேற்பார்வையிடுவது, கணக்கைப் பதிவது, அதை ஒப்படைப்பது. புதியதிலும் மூன்றும் இருக்கின்றன. பெட்டி நகர்த்துவது மட்டும் "உடற்கட்டு" என்ற சொல்லிலிருந்து வெளியே வந்து நான்காவதாகச் சேர்ந்திருக்கிறது.

இப்படிப் புதிதாகச் சேர்ந்ததை மேலாளரிடம் காட்டி ஒப்புதல் பெறாமல் வெளியிடக் கூடாது. அந்த 20 கிலோ என்ற எண் சரிதானா, இரவு வேலை உண்மையாகவே மாதத்துக்கு மூன்று நாளைத் தாண்டாதா என்று கேளுங்கள். அவர் எண்ணை மாற்றினால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்திவிட்டு, ஏழாம் படியின் தேடலை மறுபடி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாம். கடைசி நேரத் திருத்தத்தில்தான் பழைய "-வான்" மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது.